சாவி யார் கையில்: கிளீனர் எடுத்த வண்டிக்கு லாரிக்காரர் ஏன் பணம் கட்டினார்?

"நான் அங்க இல்லவே இல்லீங்களே வக்கீலய்யா."

விபத்து வழக்கில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வரும் லாரிக்காரர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லும் வாக்கியம் இது. நாமக்கல் பக்கம் இருபது வருடமாக விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதம் குறைவு. சொல்வது உண்மையும்தான். விபத்து நடந்தபோது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார், அல்லது பட்டறையில் இன்னொரு வண்டிக்கு எஃப்.சி. வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆனாலும் கடைசியில் பணம் கட்டுவது அவர்தான், அல்லது அவருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி. ஏன் என்பதை ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்த இரண்டு மூன்று வழக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி, ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். சட்டமும் தீர்ப்புகளும் உள்ளது உள்ளபடியே.

நடந்தது

கர்நாடகத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றிவந்த பழைய பன்னிரண்டு சக்கர லாரி. கோழித் தீவன ஆலைக்கு வந்த லோடு. விடிகாலை ஐந்து மணிக்கு ஆலை கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே, எடை மேடைக்காகப் பதினைந்து வண்டி வரிசை கட்டி நின்றது. ரோடு கேட்டை நோக்கிக் கொஞ்சம் இறக்கம். இறக்கத்தில் நிறுத்துகிற டிரைவர்கள் செய்கிறபடி, இந்த டிரைவரும் ஹேண்ட் பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரில் தள்ளி, இன்ஜினை அணைத்தார். இரவு முழுக்க ஓட்டி வந்தவர். எதிரே டீக்கடையில் தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தது. கிளீனர் பையனிடம் சாவியைக் கொடுத்தார்.

"லைன் நகுந்தா ரெண்டு அடி முன்னால எடுத்து உடுடா. நான் சாப்டுட்டு வந்தர்றேன்."

பையனுக்கு வயது பத்தொன்பது. லைசென்ஸ் இல்லை. எல்.எல்.ஆர். கூட இல்லை. ஆனால் ஆறு மாதமாக வரிசையில் வண்டியை நகர்த்திப் பழகியிருந்தான். முன் வண்டி நகர்ந்ததும் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினான். வண்டி ரிவர்ஸ் கியரில் இருந்தது அவனுக்குத் தெரியாது. லாரி பின்னால் ஒரு துள்ளல் துள்ளியது. அந்த நேரம் இரண்டு லாரிக்கும் நடுவே டீத் தூக்குடன் போய்க்கொண்டிருந்தவர் டீக்கடையில் வேலை பார்த்த ஒருவர். வயது 38. பின்னால் நின்ற வண்டியின் பம்பரில் நசுங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. வழக்கில் சான்றாக வந்த போட்டோ ஒன்றில் அந்தத் தூக்கு சப்பையாகிக் கிடக்கும், மூடி மட்டும் கொஞ்சம் தள்ளி.

போலீஸ் குற்ற வழக்கைப் பையன் மேல்தான் போட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்ற குற்றம். முன்பு தண்டனைச் சட்டம் 304ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. இதில் டிரைவருக்கே இடமில்லை, முதலாளிக்கு எங்கே இருக்கும்? குற்றவியலில் ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் சிறைக்குப் போவது அநேகமாகக் கிடையாது. முதலாளி இதைக் கேட்டு நிம்மதியானார். ஆறு மாதத்துக்குள் இறந்தவரின் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் நால்வரும் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்டு மனுப் போட்டபோதுதான் அவருக்கு நோட்டீஸ் வந்தது. எதிர்மனுதாரர் பட்டியலில் பையன், டிரைவர், இன்சூரன்ஸ் கம்பெனி ஆகியோருடன் அவர் பெயரும்.

முதலாளியின் மூன்று வாதங்கள்

என்னிடம் அவர் வைத்த வாதங்கள் மூன்று. மூன்றும் சாதாரண புத்திக்குச் சரியாகத்தான் படும்.

முதல் வாதம்: அந்தப் பையனை நான் வேலைக்கே வைக்கவில்லை. டிரைவர் கூட்டிக்கொண்டு வந்த பையன். பேட்டாவை நான் டிரைவர் கையில் மொத்தமாகக் கொடுப்பேன், அதிலிருந்து அவர் பையனுக்குக் கொடுப்பார். இது எங்கள் ஊர் லாரித் தொழிலில் வழக்கமான ஏற்பாடு. யார் யாருக்கு வேலையாள் என்பது பேப்பரில் எங்கேயும் இருக்காது, டிரிப் ஷீட்டில் கிளீனர் பெயர் எழுதும் பழக்கமும் பாதிப்பேரிடம் இல்லை.

இரண்டாவது: வேலையாள் என்றே வைத்துக்கொண்டாலும், கிளீனரின் வேலை தார்ப்பாய் கட்டுவது, டயர் பார்ப்பது, கண்ணாடி துடைப்பது. ஓட்டுவது அவன் வேலையே இல்லை.

மூன்றாவது, அவருக்கு மிகவும் பிடித்த வாதம்: "லைசென்ஸ் இல்லாதவன் கையில வண்டியக் குடுக்கக்கூடாதுன்னு டிரைவர்கிட்டப் பலவாட்டி சொல்லியிருக்கறனுங்க. சொன்னதக் கேக்காம அவன் செஞ்சதுக்கு நான் எப்பிடிங்க பொறுப்பு?"

இரண்டாவது வாதத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய ஆதரவு உண்டு. 1900இல் லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் கண்டக்டர் ஒருவர் டிரைவர் இல்லாத நேரத்தில் தானே பஸ்ஸைத் திருப்பி ஒருவரை இடித்தார். பியர்டு என்பவர் போட்ட அந்த வழக்கில் கம்பெனி தப்பித்தது. கண்டக்டருக்குக் கொடுத்த வேலை டிக்கெட் கொடுப்பது, பஸ் ஓட்டுவதில்லை என்றார்கள். நம்ம கிளீனரும் அப்படித்தானே என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது வாதத்தை அதே கம்பெனியின் இன்னொரு வழக்கு உடைத்துவிடுகிறது. 1862, லிம்பஸ் வழக்கு. அந்தக் காலத்தில் குதிரை பஸ். போட்டிக் கம்பெனி வண்டியோடு பந்தயம் விடாதே, அதற்குக் குறுக்கே நிற்காதே என்று டிரைவருக்கு எழுத்திலேயே உத்தரவு இருந்தது. அவர் கேட்கவில்லை, குறுக்கே விட்டு மற்ற பஸ்ஸைச் சாய்த்தார். கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்றது கோர்ட். காரணம் எளிது. டிரைவர் செய்துகொண்டிருந்தது கம்பெனி கொடுத்த வேலை: ஆள் ஏற்றி பஸ் ஓட்டுவது. அதைத் தடைசெய்யப்பட்ட விதத்தில் செய்தார். ஒரு வேலையைச் செய்யும் விதத்தைத் தடுப்பதால் அந்த வேலை முதலாளியின் வேலை இல்லாமல் போய்விடாது. அப்படிப் போய்விடும் என்றால் ஒவ்வொரு முதலாளியும் "கவனமில்லாமல் ஓட்டாதே" என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாமே!

எதிர்த்தரப்பு வந்த வழி

பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆஜரான வக்கீல் கெட்டிக்காரர். கிளீனர் யாருடைய வேலையாள், ஓட்டுவது அவன் வேலையா என்ற சண்டைக்குள்ளேயே அவர் இறங்கவில்லை. நான் தயாராக வைத்திருந்த 1900ஆம் வருடத் தீர்ப்பு ஃபைலிலேயே கிடந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: கிளீனரின் தவறை விடுங்கள், டிரைவரின் தவறைப் பாருங்கள். லோடு வண்டி டிரைவரின் வேலை ஸ்டியரிங் பிடிப்பதோடு முடிவதில்லை. லோடு இறங்கும் வரை வண்டி அவர் பொறுப்பில் இருக்கிறது. வண்டியைப் பத்திரமாக நிறுத்துவதும் சாவியை வைத்திருப்பதும் அந்த வேலைதான். ரிவர்ஸ் கியரில் நிறுத்திய வண்டியின் சாவியை லைசென்ஸ் இல்லாத பையனிடம் கொடுத்து, கியர் எதில் இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல், முன்னால் எடு என்று சொல்லிவிட்டுப் போனது டிரைவரின் அஜாக்கிரதை. அந்த டிரைவர் முதலாளியின் ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சம்பளம் கொடுத்தது முதலாளி, ட்ரிப் அனுப்பியது முதலாளி, வண்டி நகர வேண்டியதும் முதலாளியின் லோடு இறங்குவதற்காகத்தான்.

இது புது வாதமும் இல்லை. 1897இல் இங்கிலாந்தில் எங்கல்ஹார்ட் வழக்கில் குதிரை வண்டிக்காரர் ஒருவர் வண்டியைக் கூட இருந்த பையனிடம் விட்டுவிட்டுப் போனார். பையன் ஓட்டி மோதினான். பையன் ஓட்டியது அவன் வேலைக்கு வெளியே என்றாலும், வண்டிக்காரர் விட்டுப்போனதே விபத்துக்குப் போதுமான காரணமாக இருக்க முடியும், அதற்கு முதலாளி பொறுப்பு என்றார்கள். நம் உச்ச நீதிமன்றத்திலும் கிட்டத்தட்ட இதே காட்சி 1987இல் வந்தது, ஸ்கேண்டியா இன்சூரன்ஸ் வழக்கில். லாரி டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடியே, எதிர்க் கடையில் தின்பண்டம் வாங்கப் போனார். கிளீனர் வண்டியை எடுத்தார், உயிர் போனது. இன்ஜின் ஓடும் வண்டியில் லைசென்ஸ் இல்லாத கிளீனரை விட்டுப்போனது டிரைவர் தன் வேலையின் போக்கில் செய்த அஜாக்கிரதை என்றும், அதற்கு உரிமையாளர் பொறுப்பு என்றும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழக்கின் இன்னொரு பாதிதான் எங்கள் வழக்கின் தலையெழுத்தை எழுதியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என்னிடம் பதிலுக்கு ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. 1966ஆம் வருடத்து சீதாராம் மோதிலால் கலால் வழக்கு. டாக்சி உரிமையாளர் வாடகைக்கு ஓட்டச் சொல்லி ஒருவரிடம் காரைக் கொடுத்தார். அவர் அதை இன்னொருவருக்கு டிரைவிங் லைசென்ஸ் சோதனைக்காகக் கொடுத்தார். சோதனையின்போது விபத்து. மூன்று நீதிபதிகளில் இருவர் டாக்சி உரிமையாளர் பொறுப்பில்லை என்றார்கள். லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பது டாக்சி ஓட்டும் தொழிலில் சேர்ந்ததில்லை. ஆனால் எங்கள் வழக்கில் வண்டி எதற்காக நகர்ந்தது? எடை மேடைக்குப் போக. அந்தப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு ராத்திரியில் சினிமாவுக்குப் போயிருந்தால் நான் தைரியமாக வாதாடியிருப்பேன். 1834லேயே ஒரு நீதிபதி சொன்னது இன்றும் ஓடுகிறது: முதலாளியின் வேலையாகப் போகிற வழியில் கொஞ்சம் சுற்றிப்போனால் முதலாளி பொறுப்பு, முதலாளி வேலை எதுவுமே இல்லாமல் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிட்டால் பொறுப்பில்லை. இரண்டு அடி நகர்ந்த வண்டியில் எங்கே போய் அந்த இஷ்டத்தைத் தேடுவது?

இடையில் முதலாளி இன்னொரு வழியும் கண்டுபிடித்து வந்தார். கேட்டில் நின்ற ஆலை வாட்ச்மேன்தான் விசில் ஊதி, கையைக் காட்டி, வண்டியை எடுக்கச் சொன்னாராம். அப்படியானால் ஆலைதானே பொறுப்பு? இல்லை. வாட்ச்மேன் எப்போது, எங்கே நகர்வது என்று சொல்வார். கிளட்சை எப்படி மிதிப்பது, கியரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. வேலையை எப்படிச் செய்வது என்ற கட்டுப்பாடு கைமாறினால்தான் பொறுப்பும் கைமாறும். வேலையாள் தற்காலிகமாக இன்னொருவர் இடத்தில் நிற்கிறார் என்பதற்காக அது மாறாது.

சரி, ஏன் இப்படி ஒரு விதி?

முதலாளி ஒருநாள் கோர்ட் வராண்டாவில் வைத்து என்னைக் கேட்டார். தப்பே பண்ணாதவன் கட்டணும்னு சொல்றது எந்த ஊரு நியாயமுங்க?

பிறர் செயலுக்கான பொறுப்பு என்பது முதலாளி தப்புப் பண்ணினார் என்ற அர்த்தத்தில் வருவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் "என் மேல் என்ன தப்பு?" என்றே திரும்பத் திரும்ப வாதாடித் தோற்கிறார்கள். பதினைந்து டன் மக்காச்சோளம் ரோட்டில் வருவதால் வாடகை கிடைப்பது லாரிக்காரருக்கு. அந்த லோடு ரோட்டில் வரும்போது எப்போதாவது ஒருவர் நசுங்குவார் என்பதும் அந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகிறது. வரவை ஒருவர் எடுத்துக்கொண்டு, சேதாரத்தை டீக்கடைத் தொழிலாளியின் குடும்பத்தில் விட்டுப்போவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவரைத் தேர்ந்தெடுக்கவும், கண்டிக்கவும், வேலையை விட்டு எடுக்கவும் முடிந்தவரும் அவர்தான். நஷ்டத்தை வாடகையிலும் பிரீமியத்திலும் பரப்பிக்கொள்ள முடிந்தவரும் அவர்தான். அந்தக் குடும்பத்தால் அது முடியாது.

டிரைவர் பொறுப்பிலிருந்து தப்பினார் என்றும் அர்த்தமில்லை. அவரும் சேர்ந்தே பொறுப்பு. கட்டிய பணத்தை டிரைவரிடம் திருப்பிக் கேட்க முதலாளிக்குச் சட்டப்படி வழியும் உண்டு. 1957இல் இங்கிலாந்தில் லிஸ்டர் என்ற லாரி டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கூட வேலை பார்த்த தன் அப்பாவையே இடித்தார். இன்சூரன்ஸ் கம்பெனி முதலாளி பெயரில் வழக்குப் போட்டு, அப்பாவுக்குக் கொடுத்த பணத்தை மகனிடமே கேட்டு ஜெயித்தது. சட்டப்படி சரி. எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "அவங்கிட்டயா? போன தீவாளிக்கு அவன் வாங்குன அட்வான்சே இன்னும் நிக்குதுங்க" என்றார்.

கணக்கு

தீர்ப்பாயம் தொகையைக் கணக்கிட்டது வழக்கமான முறையில். டீக்கடை வேலைக்குச் சம்பளச் சான்று இல்லாததால் மாதம் ரூ.15,000 என்று உத்தேசமாக எடுத்தார்கள். நாற்பது வயதுக்குள் என்பதால், 2017ஆம் வருடத்து பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து ரூ.21,000. வருடத்துக்கு ரூ.2,52,000. நம்பியிருந்தவர்கள் நால்வர், எனவே இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து ரூ.1,89,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கு எண் 15. இதை 2009இல் சரளா வர்மா வழக்கில் முடிவு செய்தார்கள். பெருக்கினால் ரூ.28,35,000. இதன் மேல் துணையை, தந்தையை, மகனை இழந்ததற்கும், ஈமச் செலவுக்கும் இரண்டு லட்சத்துச் சொச்சம், பிறகு வட்டி. இரண்டு லாரிக்கு நடுவில் நடந்ததால் இறந்தவர் மேலும் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடியது. வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டு நின்ற வரிசை அது என்று தீர்ப்பாயம் அதைத் தள்ளியது.

கூண்டில் சொன்ன ஒரு வரி

இங்கேதான் முதலாளி சொன்ன "பலவாட்டி சொல்லியிருக்கறன்" திரும்ப வருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எதிராக அந்தத் தடை ஒரு பைசாவுக்கும் பெறாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிராகவோ அது முப்பது லட்சம் பெறும்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் பாலிசி நிபந்தனை மீறல் என்று கம்பெனி சொல்லும். ஸ்கேண்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது, மீறியது யார்? உரிமையாளர் லைசென்ஸ் உள்ள டிரைவரிடம் வண்டியைக் கொடுத்தார், தன்னால் முடிந்ததைச் செய்தார். அவருக்குத் தெரியாமல் டிரைவர் கிளீனரிடம் விட்டுப்போனது உரிமையாளர் வேண்டுமென்றே செய்த மீறல் ஆகாது. எனவே கம்பெனி பணம் கட்ட வேண்டும், உரிமையாளரிடம் திருப்பிக் கேட்க முடியாது. 2004இல் சுவரன் சிங் வழக்கிலும் இதே வழிதான்: லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் போதிய கவனம் எடுக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் கம்பெனிதான் கொடுக்கும். பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்.

ஆக எங்கள் வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நின்றது. கிளீனர் வண்டியைத் தொடுவது முதலாளிக்குத் தெரியுமா? எதிருரையில் நான் தெளிவாக எழுதியிருந்தேன், கண்டிப்பாகத் தடைசெய்திருந்தார் என்று. குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் முதலாளியிடம் மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலக் கேட்டார்.

"நீங்களும் கிளீனரா இருந்துதான் டிரைவர் ஆனீங்களாங்க?"

"ஆமாங்க."

"அப்ப வண்டி எப்பிடிங்க கத்துக்கிட்டீங்க?"

"லைன்ல நகுத்தி நகுத்தித்தானுங்க. எல்லாரும் அப்பிடித்தானுங்க."

"உங்க வண்டியிலயும் அப்பிடித்தானுங்களா?"

நான் எழுந்து ஆட்சேபிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "எல்லா வண்டியிலயும் நடக்கறதுதானுங்களே. ரோட்ல ஓட்டக்கூடாதுன்னுதான் நான் சொல்லியிருக்கறன்."

நீதிபதி தட்டச்சரைப் பார்த்து அந்த வரியை நிதானமாகச் சொல்லி ஏற்றினார். அதில் பொய் ஒன்றுமில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் முக்கால்வாசி டிரைவர்கள் அப்படிக் கற்றுக்கொண்டவர்கள்தான். ஆனால் தெரிந்தும் விட்டுவிட்டார் என்று அந்த வரி ஒப்புக்கொள்கிறது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 5ஆம் பிரிவு உரிமையாளரிடமே சொல்கிறது. ஸ்கேண்டியா உரிமையாளரைக் காப்பாற்றிய சுவர் எங்களுக்கு இடிந்து விழுந்தது.

தீர்ப்பு: கம்பெனி முழுத்தொகையையும் வட்டியோடு குடும்பத்துக்குக் கட்ட வேண்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தனி வழக்குக்கூடத் தேவையில்லை, நிறைவேற்று மனு ஒன்று போதும். மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன். அவர் தன் சாட்சியத்தின் நகலை வாங்கி அந்த ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "சொன்னது நெசந்தானுங்களே, இத மாத்தியா சொல்ல முடியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குடும்பத்துக்குப் பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் பங்கை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது. கம்பெனி நிறைவேற்று மனுப் போட்டதும் முதலாளி ஒரு லாரியை விற்றார், பாக்கிக்குத் தவணை பேசினார். விற்றது அந்த வண்டியைத்தான். வாங்கியவரிடம் அதே டிரைவர் அதே வண்டியை ஓட்டுகிறார். பையன் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.